நான்-இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையரில் கெயின் பிழை: லூப் கெயின் 10 தான் இருக்கிறது, ஆனால் பிழை ஏன் 9% இல்லை?

ஒரு சின்ன சர்க்யூட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 741 ஆப்-ஆம்ப் ஒன்று, தரைக்குப் போகும் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், ஃபீட்பேக் ரெசிஸ்டர் 99 கிலோ ஓம், ஆக கெயின் 100. உள்ளே 10 மில்லிவோல்ட் உச்சமுள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுக்கிறோம், வெளியே 1 வோல்ட் வர வேண்டும். டேட்டாஷீட்டில் ஓப்பன்-லூப் கெயின் 2 லட்சம் என்று இருப்பதைப் பார்த்து, இவ்வளவு இருக்கும்போது கவலை எதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த 2 லட்சம் டிசிக்கு மட்டும்தான். 1 கிலோஹெர்ட்ஸில் இந்த ஆப்-ஆம்ப்பிடம் மிச்சமிருக்கும் கெயின் வெறும் 1000. அதில் 100-ஐ நாம் எடுத்துக்கொண்டால் பிழையைத் திருத்த மிஞ்சுவது 10 மடங்குதான்.

பாடத்தில் படித்த சூத்திரத்தில் இந்த 10-ஐப் போட்டால் 1/(1+10), அதாவது 9% பிழை என்று வருகிறது. சர்க்யூட்டைக் கட்டி அளந்தால் அரை சதவீதம்தான் குறைகிறது. நம் கணக்கிலேயே ஏதோ தப்பு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள், ஆப்-ஆம்ப் டேட்டாஷீட்டை விட நன்றாக வேலை செய்கிறது என்பதல்ல. இந்த 9-க்கும் 0.5-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், எந்த அதிர்வெண்ணில் எந்தத் துல்லியத்துக்கு எந்த ஆப்-ஆம்ப் போதும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

படி 1: β-வைக் கண்டுபிடிப்பது

வெளியீட்டில் எவ்வளவு பங்கு இன்வெர்ட்டிங் பின்னுக்குத் திரும்பி வருகிறது என்பதுதான் β. நம் சர்க்யூட்டில் 1/(1+99), அதாவது 0.01. ஆப்-ஆம்ப் செய்வது ஒரே ஒரு வேலை: இரண்டு பின்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை A மடங்காக்கி வெளியே தருகிறது. இதை எழுதிப் பார்த்தால்:

```
Vout = A * (Vin - β*Vout)

Vout/Vin = A / (1 + A*β)
         = (1/β) * 1 / (1 + 1/(A*β))
```

கடைசி வரியில் 1/β என்பது நாம் விரும்பும் கெயின், அதாவது 100. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் பிழை. அதில் A தனியாக வருவதே இல்லை, எப்போதும் Aβ என்ற பெருக்கலாகத்தான் வருகிறது. இந்த Aβ-வைத்தான் லூப் கெயின் என்கிறோம். அதனால் "இந்த ஆப்-ஆம்ப் துல்லியமானதா" என்ற கேள்விக்கு, எந்தக் கெயினில், எந்த அதிர்வெண்ணில் என்று சொல்லாமல் பதில் கிடையாது.

படி 2: முதலில் டிசி கணக்கு

டிசியில் எல்லாம் நேரடியானது. A = 2,00,000, β = 0.01, லூப் கெயின் 2000. பிழை 1/2001, கிட்டத்தட்ட 0.05%. கெயின் 100-க்குப் பதில் 99.95. ரெசிஸ்டர்கள் 1% டாலரன்ஸில் இருந்தால் அவை மட்டுமே இந்தக் கெயினில் கிட்டத்தட்ட 2% வரை பிழை கொண்டுவர முடியும், அதனால் இந்த 0.05% கண்ணுக்கே தெரியாது.

ஆனால் அந்த 2 லட்சம் 'டிபிக்கல்' மதிப்பு. 741-இன் சாதாரண வகைக்கு உத்தரவாதமான குறைந்தபட்சம் 20,000 தான். அதைப் போட்டால் லூப் கெயின் 200, பிழை 0.5%. எல்லாப் பிரதிகளும் ஒரே மாதிரி அளவிட வேண்டிய கருவி என்றால் குறைந்தபட்சத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். இந்தப் பிழையை ஒரு டிரிம்பாட் வைத்துச் சரிசெய்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் A சூடு ஏறினாலும் மாறும், லோடு கனமானாலும் மாறும். 2 லட்சம் 1 லட்சமாகக் குறைந்தால் பிழை 0.05-இலிருந்து 0.1%-ஆக நகரும். டிரிம்பாட் சரிசெய்வது அன்றைக்கு இருந்த பிழையை மட்டும்.

படி 3: அதிர்வெண் ஏறினால் A என்ன ஆகிறது

741-க்குள்ளே 30 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. ஃபீட்பேக் கொடுத்தால் ஆப்-ஆம்ப் தானாக ஊசலாடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்தது. அதன் விளைவாக, சில ஹெர்ட்ஸ் தாண்டியதுமே A சரியத் தொடங்குகிறது. அதிர்வெண் 10 மடங்கானால் A பத்தில் ஒன்றாகிறது. அதனால் A-யையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வருவது எப்போதும் ஒரே எண். அதுதான் கெயின்-பேண்ட்வித் பெருக்கம், சுருக்கமாக GBW. 741-க்கு அது சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். 2 லட்சத்தால் வகுத்தால் 5 ஹெர்ட்ஸ். அதாவது, டேட்டாஷீட்டில் பெருமையாக நிற்கும் அந்த எண் 5 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் செல்லும்.

100 ஹெர்ட்ஸில் A = 10,000, 1 கிலோஹெர்ட்ஸில் 1000, 10 கிலோஹெர்ட்ஸில் 100. நம் கெயினே 100 என்பதால் 10 கிலோஹெர்ட்ஸில் லூப் கெயின் 1. அங்கே திருத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை.

இங்கே அந்தக் கெப்பாசிட்டர் இன்னொரு வேலையும் செய்கிறது, பலர் தவறவிடுவது இதைத்தான். அது A-யைக் குறைப்பதோடு நிற்காமல் 90 டிகிரி பின்தங்கவும் வைக்கிறது. 5 ஹெர்ட்ஸை விட நன்றாக மேலே போய்விட்டால் A என்பது வெறும் 1000 அல்ல, 90 டிகிரி திரும்பிய 1000. டிசிக்கான சூத்திரத்தில் அப்படியே எண்ணைப் போட்டபோது இந்தத் திருப்பத்தை நாம் மறந்துவிட்டோம்.

படி 4: செங்கோண முக்கோணம்

1 கிலோஹெர்ட்ஸில் நம் சர்க்யூட்டுக்குள் மூன்று மின்னழுத்தங்களைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். உள்ளே வருவது 10 மில்லிவோல்ட். வெளியே சுமார் 0.995 வோல்ட், அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 9.95 மில்லிவோல்ட், இன்வெர்ட்டிங் பின்னுக்குத் திரும்புகிறது. இரண்டு பின்களுக்கும் இடையே எவ்வளவு இருக்க வேண்டும்? வெளியீடு 0.995 வோல்ட், A = 1000, ஆக 0.995 மில்லிவோல்ட்.

இப்போது கழித்துப் பாருங்கள். 10-இலிருந்து 9.95 போனால் 0.05 தானே, 0.995 எங்கிருந்து வந்தது? சாதாரணக் கழித்தல் இங்கே செல்லாது, ஏனென்றால் வித்தியாச மின்னழுத்தமும் திரும்பி வந்த மின்னழுத்தமும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கின்றன. அவை முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள், உள்ளீடு அதன் கர்ணம். 9.95-இன் வர்க்கம் 99, 0.995-இன் வர்க்கம் 0.99, கூட்டினால் கிட்டத்தட்ட 100. அது 10-இன் வர்க்கம். பிதாகரஸ் அப்படியே பொருந்துகிறது.

நீளமான முக்கோணத்தில் குட்டையான பக்கம் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் கர்ணத்துக்கும் நீளப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை சதவீதம்தான். 9% எங்கே போனது என்பதற்குப் பதில் அதுதான். சூத்திரமாக எழுதினால்:

```
fc = β * GBW
|H| = (1/β) / sqrt(1 + (f/fc)^2)
magnitude error ≈ (f/fc)^2 / 2
phase = -atan(f/fc)
```

fc என்பது லூப் கெயின் 1 ஆகக் குறையும் அதிர்வெண், நமக்கு 10 கிலோஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸில் f/fc = 0.1, வர்க்கத்தில் பாதி 0.005, அதாவது 0.5%. 100 ஹெர்ட்ஸில் அது 0.005% ஆகச் சுருங்கிவிடும், அங்கே டிசியிலிருந்தே வரும் 0.05% தான் பெரியது. டிசி பிழை எல்லா அதிர்வெண்ணிலும் கூடவே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட ஐந்து வரி பைத்தான் போதும்:

```python
import cmath, math
A0, GBW, G, f = 2e5, 1e6, 100, 1e3
A = A0 / (1 + 1j*f*A0/GBW)
H = A / (1 + A/G)
print(abs(H), math.degrees(cmath.phase(H)))
```

சுமார் 99.45, -5.71 என்று வரும். f-ஐ மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள், வர்க்க விதி எங்கே பிடிக்கிறது, எங்கே விட்டுப்போகிறது என்று கைக்கு வந்துவிடும். f/fc சுமார் 0.3 தாண்டினால் அந்தப் "பாதி வர்க்கம்" குறுக்குவழி கொஞ்சம் அதிகமாகக் காட்டத் தொடங்கும், அப்புறம் முழுச் சூத்திரத்துக்கே போய்விடுவது நல்லது.

ஃபேஸ் பிழை வர்க்கத்தில் சுருங்குவதில்லை

மேலே உள்ள வெளியீட்டில் இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். அளவு அரை சதவீதம்தான் தப்பு, ஆனால் அலை 5.7 டிகிரி பின்தங்கிவிட்டது. முக்கோணத்தின் குட்டைப் பக்கம் மறைந்துவிடவில்லை, கோணமாக மாறி உட்கார்ந்திருக்கிறது.

நான் இதில் நன்றாக மாட்டிக்கொண்டேன். 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு லோடு எடுக்கும் மின்திறனை அளக்க வேண்டியிருந்தது. மின்னழுத்தத்தை நேராக எடுத்தேன், மின்னோட்டத்தை ஒரு சின்ன ஷண்ட் ரெசிஸ்டர் வழியாக எடுத்து இதே மாதிரி 100 மடங்கு பெருக்கினேன். ஆம்ப்ளிஃபையரைத் தனியாகச் சோதித்தபோது கெயின் அரை சதவீதத்துக்குள் இருந்தது, எனக்கு அது போதும். ஆனால் அந்த லோடில் மின்னோட்டம் 60 டிகிரி பின்தங்கியிருந்தது. cos 60 என்பது 0.5. ஆம்ப்ளிஃபையர் இன்னும் 5.7 டிகிரி சேர்த்ததால் நான் அளந்தது cos 65.7, அதாவது 0.411. திறன் 18% குறைவாகக் காட்டியது. இரண்டு நாள் ஷண்ட் ரெசிஸ்டரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், மாற்றி மாற்றிப் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் ஷண்ட்டைக் கழற்றிவிட்டு ஒரே சிக்னலை இரண்டு வழியிலும் கொடுத்து இரண்டு அலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் அந்த நகர்வு தெரிந்தது.

அதனால் கணக்குப் போடுவதற்கு முன்பே ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது அலையின் உயரம் மட்டுமா, அல்லது இன்னொரு அலையோடு சேர்த்துப் பெருக்கவோ கழிக்கவோ போகிறீர்களா? உயரம் மட்டும் என்றால் வர்க்க விதி உங்கள் பக்கம். இன்னொரு அலையோடு சேர்க்கப்போகிறீர்கள் என்றால் உண்மையான பிழை f/fc தான், 0.1 என்றால் 10% தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: வேண்டிய GBW-வைத் தேர்ந்தெடுப்பது

இப்போது திருப்பிக் கேட்போம். கெயின் 100, 10 கிலோஹெர்ட்ஸில் உயரப் பிழை 0.1%-க்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு GBW வேண்டும்?

(f/fc)-இன் வர்க்கத்தில் பாதி 0.001, ஆக f/fc = 0.0447. fc = 10 / 0.0447, அதாவது 224 கிலோஹெர்ட்ஸ். அதை 100-ஆல் பெருக்கினால் GBW 22.4 மெகாஹெர்ட்ஸ். கவனியுங்கள், "10 கிலோஹெர்ட்ஸ், கெயின் 100, ஆக 1 மெகாஹெர்ட்ஸ் போதும்" என்று நினைத்தவருக்கு அந்த இடத்தில் கிடைப்பது 29% பிழை. 0.1% வேண்டுமென்றால் அதைப்போல 22 மடங்கு வேண்டியிருக்கிறது. GBW பெரும்பாலும் டிபிக்கலாகத்தான் கொடுக்கப்படும், பிரதிக்குப் பிரதி, சூட்டுக்குச் சூடு மாறும். அதனால் நான் இன்னொரு பாதி சேர்த்து 35 மெகாஹெர்ட்ஸ் போலத் தேடுவேன்.

அல்லது வேறு வழி: இரண்டு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கெயின் 10 வைப்பது. மொத்தப் பிழை 0.1% என்றால் ஆளுக்கு 0.05%. f/fc = 0.0316, fc = 316 கிலோஹெர்ட்ஸ், கெயின் 10 என்பதால் GBW வெறும் 3.2 மெகாஹெர்ட்ஸ். 22.4 எங்கே, 3.2 எங்கே! ஒரே உறைக்குள் இரண்டு ஆப்-ஆம்ப் கொண்ட NE5532 போன்றது ஒன்று போதும், அதன் GBW சுமார் 10 மெகாஹெர்ட்ஸ். அப்படிப் போட்டால் ஒவ்வொரு படியின் fc-யும் 1 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸில் மொத்த உயரப் பிழை 0.01%, ஃபேஸ் 1.15 டிகிரி.

ஆனால் ஃபேஸ் முக்கியம் என்றால் அந்த 3.2 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். ஒற்றைப் படியில் 22.4 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் நகர்வு 2.6 டிகிரி. இரண்டு படியில் 3.2 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் ஆளுக்கு 1.8, மொத்தம் 3.6 டிகிரி. உயரப் பிழை சமம், ஃபேஸ் மோசம்.

படி 6: மேசையில் சரிபார்ப்பது

0.5% பிழையை ஆசிலாஸ்கோப்பில் நேராகப் பார்க்க முயல வேண்டாம். 8 பிட் ஸ்கோப்பில் திரை முழுக்க 256 படிகள்தான், ஒரு படியே 0.4%. மல்ட்டிமீட்டரின் ஏசி ரேஞ்சும் பல மாடல்களில் சில நூறு ஹெர்ட்ஸ் தாண்டினாலே தானாகச் சரியும், அப்போது மீட்டரின் பிழையை ஆம்ப்ளிஃபையரின் தலையில் கட்டிவிடுவோம்.

அதற்குப் பதில் தூரமாகப் போய் அளந்துவிட்டுக் கணக்கில் திரும்பி வாருங்கள். 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெளியீட்டின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போய், அந்த உயரம் 70.7% ஆகும் இடத்தைப் பிடியுங்கள். அந்த இடத்தில் ஃபேஸ் 45 டிகிரி இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் ஒரே ஒரு கெப்பாசிட்டரின் சரிவை வைத்துப் போட்ட நம் கணக்கு இந்த சர்க்யூட்டுக்குப் பொருந்துகிறது. உதாரணமாக அது 11.6 கிலோஹெர்ட்ஸில் வந்தால், கையிலிருக்கும் 741-இன் GBW 1.16 மெகாஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸில் உயரப் பிழை 0.37%, நகர்வு 4.9 டிகிரி என்று ஸ்கோப்பால் காட்ட முடியாத துல்லியத்தில் சொல்லிவிடலாம். ரெசிஸ்டர்களின் டாலரன்ஸும் இங்கே பெரிதாகக் குறுக்கே வராது, ஏனென்றால் நாம் அளப்பது அதே சர்க்யூட்டின் இரண்டு உயரங்களின் விகிதத்தை.

இதில் ஒரு பொறி இருக்கிறது: ஸ்லூ ரேட், அதாவது வெளியீடு அதிகபட்சம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியும் என்ற வரம்பு. 741-க்கு அது 0.5 வோல்ட்/மைக்ரோசெகண்ட், அதனால் 10 கிலோஹெர்ட்ஸில் 8 வோல்ட் உச்சத்துக்கு மேல் அதால் தர முடியாது. உள்ளீட்டைப் பெரிதாக வைத்து அளந்தால் கெயின் குறைவது GBW-ஆலா ஸ்லூ ரேட்டாலா என்று தெரியாது. உள்ளீட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். வெளியீடும் சரியாகப் பத்தில் ஒன்றானால் GBW. வெளியீடு எதிர்பார்த்ததை விடக் குறைவாகச் சரிந்து கெயின் மீண்டு வந்தால், அல்லது முன்பு சைன் அலை முக்கோண அலை மாதிரி நேர்கோடுகளாக மாறியிருந்தால், அது ஸ்லூ ரேட். வெளியீட்டை 1 வோல்ட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு அளந்தால் இந்தத் தொல்லை வராது.

கடைசியாக, வேகமான ஆப்-ஆம்ப் போட்டும் கணக்குக்குத் தகுந்த துல்லியம் வரவில்லை என்றால் ஃபீட்பேக் ரெசிஸ்டரைப் பாருங்கள். 99 கிலோ ஓமுக்குக் குறுக்கே பிரெட்போர்டு 5 பிக்கோஃபாரட் சேர்த்தாலே 320 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு சரிவு வந்துவிடும், 10 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே 0.05% தின்றுவிடும். ரெசிஸ்டர்களைப் பத்தில் ஒன்றாக்கினால் அந்தச் சரிவு 3.2 மெகாஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும்: தரைக்கு 100 ஓம், ஃபீட்பேக்கில் 10 கிலோ ஓமுக்கு இணையாக 1 மெகா ஓம். அந்த ஜோடி 9.901 கிலோ ஓம், கெயின் 100.01.